கோடு கீழே, கல் மேலே: பழைய ரோமானிய மொசைக் தரைகள் எப்படி இடப்பட்டன?

நம் ஊரில் மொசைக் தரை என்றால் சிமெண்டில் கல் சில்லுகளைக் கலந்து கொட்டி, காய்ந்தபின் மெஷின் வைத்துத் தேய்த்த தரைதான் நினைவுக்கு வரும். அதில் சில்லு எங்கே விழும் என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. கிரேக்கரும் ரோமானியரும் இட்ட மொசைக் அதற்கு நேர்மாறானது. அங்கே ஒவ்வொரு சில்லும் கையால் எடுத்து, இடம் பார்த்து, ஈரச் சுண்ணாம்பில் அழுத்தி வைக்கப்பட்டது.

தொடக்கத்தில் அவர்கள் கூழாங்கல்லைத்தான் பயன்படுத்தினார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாசிடோனியாவின் பெல்லா நகரில் இடப்பட்ட மான் வேட்டைத் தரை முழுக்க இயற்கையான கூழாங்கற்களால் ஆனது. உருண்டைக் கல்லில் கூர்மையான கோடு வராது. அதனால் பெல்லாவின் சில தரைகளில் முக்கியமான கோடுகளுக்கு ஈயப் பட்டைகளையும் சுட்டமண் பட்டைகளையும் செருகினார்கள். அடுத்த நூற்றாண்டில் கல்லை உடைத்துச் சிறு கனசதுரங்களாக ஆக்கும் வழக்கம் பரவியது. லத்தீனில் அந்தச் சில்லுக்கு டெசெரா என்று பெயர். இந்தக் கட்டுரை அந்த வெட்டுச் சில்லுத் தரையைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, ஒரு முழு அறைக்கான கோலத்தை எப்படிக் கணக்கிட்டுத் தரையில் இறக்கினார்கள் என்பதைப் பற்றியது. படங்களின் அழகைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. படத்தைத் தாங்கிய கணக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

முதலில் படுகையைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கோலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கோலம் அல்ல, அதன் அடியில் இருப்பதுதான்.

கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் அடித்தளத்துக்கு மூன்று அடுக்குகள் சொல்கிறார். முதலில் மண் எங்கும் ஒரே உறுதியோடு இருக்கிறதா என்று பார்த்து மட்டம் செய்ய வேண்டும். அதன்மேல் கைக்கு அடங்கும் அளவுக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். இரண்டாவது அடுக்கு ஜல்லியும் சுண்ணாம்பும். புது ஜல்லி என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. பழைய கட்டடத்தை இடித்து எடுத்த ஜல்லி என்றால் ஐந்துக்கு இரண்டு. இதை ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டைகளால் திமிசு போட வேண்டும். அடித்து முடித்த பிறகு கனம் முக்கால் ரோமானிய அடிக்கு, அதாவது சுமார் 22 செ.மீ.க்குக் குறையக்கூடாது. மூன்றாவது அடுக்கில் உடைத்த மண்பாண்டத் தூள் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. கனம் ஆறு விரல், அதாவது சுமார் 11 செ.மீ.

மூன்றாவது அடுக்கு நமக்குப் பழக்கமானதுதான். சுர்க்கி என்று நம் கொத்தனார்கள் சொன்ன செங்கல் தூள் கலவையின் உறவு அது. அது ஏன் அங்கே தேவைப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அது மேற்பரப்பில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போகும். தரையில் அந்தச் சாந்தின்மேல் கல் மூடிவிடுகிறது. காற்று போக வழி குறுகிவிடுகிறது. சுட்ட மண் தூளோ சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிந்து, காற்று இல்லாமலும் ஈரத்திலேயே இறுகும். மேலே மூடப்படப்போகும் அடுக்கு உள்ளிருந்தே கெட்டியாக வேண்டும் என்பதால் பாண்டத் தூள் வந்தது.

அகழாய்வில் எல்லாத் தரைக்கும் அடியில் இந்த மூன்றும் இந்தக் கனத்தில் கிடைப்பதில்லை. மாகாணங்களில் பல தரைகள் இதைவிட மெலிந்த அடித்தளத்தில் நிற்கின்றன. சிலவற்றில் ஒரு அடுக்கே இல்லை. விட்ருவியஸ் சொன்னது செய்ய வேண்டிய முறை. ஒப்பந்தக்காரர் செய்தது வேறாகவும் இருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த மூன்றுக்கும் மேலே நான்காவதாக ஒரு மெல்லிய படுகை உண்டு. நைசான சுண்ணாம்புச் சாந்து, கனம் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை செ.மீ. வரை. சில்லுகள் உட்காருவது இதில்தான். இதை அறை முழுக்க ஒரேயடியாகப் பூச முடியாது; மேலே தோல் கட்டிவிட்டால் சில்லு ஒட்டாது. எனவே அன்றைக்கு எவ்வளவு இடம் முடிக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூசுவார்கள். கீழே இருக்கும் பாண்டத் தூள் அடுக்கு தண்ணீரை உறிஞ்சும். அதை முன்கூட்டியே நனைக்காவிட்டால் மெல்லிய படுகையின் ஈரத்தை அது குடித்துவிடும். படுகை இறுகாமல் பொடியாகவே நின்றுபோகும்.

இங்கேதான் திட்டமிடுதலின் சிக்கல் தொடங்குகிறது. சில்லு வைக்கும் ஈரப் படுகை துண்டு துண்டாக வருகிறது. ஆனால் கோலமோ அறை முழுக்க ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஆகவே முழு வரைவு ஈரப் படுகை வருவதற்கு முன்பே, அதன் கீழே இறுகிய அடுக்கில் இருந்தாக வேண்டும். கயிற்றை இழுத்துப் பிடித்துக் கீறுவது, சிவப்பு மண் சாயத்தால் கோடு போடுவது என்று அதற்கு வழிகள் இருந்தன. அன்றன்றைக்குப் படுகை பூசும்போது அந்தத் துண்டுக்கான கோடு மறைந்துவிடும். பக்கத்தில் மூடாமல் தெரியும் கோடுகளைப் பிடித்து, ஈரத்தின்மேல் மறுபடி நூல் பிடித்துக்கொள்வார்கள்.

இது ஊகம் மட்டும் அல்ல. இஸ்ரேலின் லோட் நகரில் 1996இல் சாலைப் பணியின்போது கி.பி. 300ஐ ஒட்டிய ஒரு பெரிய மொசைக் தரை வெளிப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 180 சதுர மீட்டர். நடுவில் எண்கோணச் சட்டத்துக்குள் காட்டு விலங்குகள், சுற்றிலும் பறவை, மீன், கப்பல் என்று நிறைந்த தரை. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. 2009இல் பாதுகாப்பு வேலைக்காக அதைப் பெயர்த்து எடுத்தபோது, அடியிலிருந்த சாந்தில் சில்லுகளை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் வழிகாட்டிக் கோடுகள் தெரிந்தன. கூடவே கால்தடங்களும் இருந்தன. வெறுங்கால் தடங்கள், செருப்புத் தடம், ஐரோப்பிய அளவில் 34, 37, 42, 44. தடங்கள் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்ததால், சாந்தைக் காலால் மிதித்து இறுக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 34 என்பது சின்னப் பாதம். ஒரு சிறுவனுடையதாகக்கூட இருக்கலாம்.

சரி, அந்தக் கோடுகளை எப்படிப் போட்டார்கள்? ஒரு அறையை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறை கற்பனைதான், ஆனால் அளவுகளும் வழிமுறையும் அக்காலத் தரைகளுக்குப் பொருந்துபவை. ரோமானிய அடி 29.6 செ.மீ. அறை ஒரு பக்கம் 17 அடி, இன்னொரு பக்கம் பதினாறரை அடி. சுவர்கள் எந்தக் காலத்திலும் மூலைமட்டத்துக்குச் சரியாக நின்றதில்லை. இங்கும் ஒரு மூலை கொஞ்சம் திறந்து, ஒரு மூலை கொஞ்சம் ஒடுங்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கோலத்தைச் சுவரிலிருந்து அளக்கத் தொடங்கினால் அறையின் கோணல் முழுவதும் கோலத்துக்குள் வந்துவிடும். அதனால் வேலை அறையின் நடுவிலிருந்து தொடங்கும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளை நூலால் இணைத்தால் குறுக்கே இரண்டு கோடுகள் கிடைக்கும். கோணலான அறையில் அவை ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டாது. ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைத் திருத்த வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்று அளந்த கயிற்று முக்கோணம் அதற்குப் போதும். பிறகு நடுப்புள்ளியைச் சுற்றி 14 அடிச் சதுரம் ஒன்றை வரைவார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளமா என்று கயிற்றால் பார்த்தால் சதுரம் சரியா என்று தெரிந்துவிடும்.

17 அடியில் 14 போனால் இரு பக்கமும் ஒன்றரை அடி மிச்சம். இன்னொரு திசையில் ஒன்றே கால் அடி. கோணலைக் கணக்கில் சேர்த்தால் இந்த ஓரம் ஒரு மூலையில் அகன்றும் இன்னொரு மூலையில் ஒடுங்கியும் இருக்கும். இந்த ஓரத்தில் கோலமே கிடையாது. ஒரே நிறத்தில், பெரிய சில்லுகளால், வெறுமனே நிரப்பப்பட்ட பட்டை அது. அறையின் பிழை எல்லாம் அங்கே கொட்டப்படும். கோலம் துல்லியமான சதுரம், கோணல் அறை, இரண்டுக்கும் நடுவே அந்த மொட்டை ஓரம். கட்டில், பெட்டி எல்லாம் சுவரோரம்தான் நிற்கும் என்பதால் யார் கண்ணிலும் அது படாது. பழைய தரை எதையாவது பார்க்க நேர்ந்தால் முதலில் அந்த ஓரத்தைப் பாருங்கள். அது நான்கு பக்கமும் சம அகலமாக இருந்தால் கொத்தனார் கெட்டிக்காரர். கோணலாக இருந்தால் மொசைக்காரர் கெட்டிக்காரர்.

ஓரத்தில் பெரிய சில்லு போடுவதால் கிடைக்கும் மிச்சமும் சின்னதல்ல. கோலத்துக்கு ஒரு செ.மீ. சில்லு, இடைவெளி ஒரு மி.மீ. என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 8,260 சில்லுகள். 14 அடிச் சதுரம் 17.2 சதுர மீட்டர். அதற்கு ஏறக்குறைய 1,42,000 சில்லுகள் வேண்டும். ஓரம் சுமார் 7.4 சதுர மீட்டர். அங்கே இரண்டு செ.மீ. சில்லை இரண்டு மி.மீ. இடைவெளியில் போட்டால் 15,000 போதும், ஒரு செ.மீ. போட்டால் 61,000 ஆகிவிடும். நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேல் உடைக்கிற வேலையும் வைக்கிற வேலையும் குறைகிறது. முகம் அரை செ.மீ. உள்ள சில்லால், அரை மி.மீ. இடைவெளியில் படம் போட்டால் சதுர மீட்டருக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

இனி சதுரத்துக்குள் கோலம். நடுவே 10 அடிச் சதுரத்தில் ஓர் எண்கோணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்கோணத்தின் பக்கம் கண்டுபிடிக்க வர்க்கமூலம் தேவை என்று நமக்குத் தோன்றும். தரையில் முழங்காலிட்டிருந்தவருக்கு அது தேவைப்படவில்லை. மூலைவிட்டங்கள் இரண்டையும் நூலால் போட்டு நடுவைக் கண்டுபிடி. ஒரு மூலையில் முளை அடித்து, கயிற்றை நடு வரை இழு. அதே நீளத்தில் ஒரு வில் சுழற்று; அது இரண்டு பக்கங்களை வெட்டும். நான்கு மூலையிலிருந்தும் இப்படிச் சுழற்றினால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்தால் ஒழுங்கான எண்கோணம் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் 4.14 அடி. வரைந்தவருக்கு அந்த எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ரோமானியத் தரைகளில் எண்கோணமும், வட்டத்துக்குள் இதழ்களும், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களும் இவ்வளவு அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம். கயிறும் முளையும் எளிதில் தருவது அவைதான். ஐங்கோணத்தைத் தேடிப் பாருங்கள், அரிதாகத்தான் கிடைக்கும்.

எண்கோணத்தைவிடத் தொல்லை தருவது சுற்றுக்கரை. ரோமானியத் தரைகளில் எங்கும் காணும் கரை, இரண்டு இழைகளைப் பின்னியது போன்ற சடைப்பின்னல். ஒவ்வொரு இழையும் ஐந்தாறு வரிசைச் சில்லுகளால் ஆனது. வெளிக்கோடு கருப்பு, உள்ளே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, மறுபடி கருப்பு என்று போகும். இரண்டு இழைகளும் சூழும் கண்ணின் நடுவே பல தரைகளில் ஒரே ஒரு வெள்ளைச் சில்லு இருக்கும். அந்தக் கண்தான் அடையாளப்புள்ளி. கவராயத்தின் முனை ஊன்றிய இடம் அது.

பின்னல் ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைக்கு வரும்போது முழுக் கண்ணோடு முடிய வேண்டும். நம் அறையில் பின்னலின் நடுக்கோடு ஒரு பக்கம் 12 அடி, அதாவது 355 செ.மீ. என்று கொள்வோம். கண்ணுக்குக் கண் 15 செ.மீ. என்று மனம்போனபடி போட்டுக்கொண்டே போனால் 23 கண்கள் முடிந்து 10 செ.மீ. மிஞ்சும். அங்கே கடைசிக் கண்ணை நசுக்கித் திணிக்க வேண்டியதுதான். அதுவே அரையடி, அதாவது 14.8 செ.மீ. என்று எடுத்தால் 24 கண்கள் மிச்சமில்லாமல் உட்காரும். ஒரு கண்ணுக்கு வித்தியாசம் இரண்டே மி.மீ.; சில்லுகளின் இடைவெளியிலேயே அது கரைந்துவிடும். நீளம் முழு அடியாக வராத அறையில் அளவுகோல் வேண்டாம். பக்கத்தின் நீளத்துக்கு நூலை வெட்டி, மூன்றாக மடித்து, பிறகு பாதி, பாதி, பாதி என்று மடித்தால் 24 பங்கு கிடைத்துவிடும். இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். தரையில் திரும்பத் திரும்ப வரும் அளவு 29.6 செ.மீ.யின் பாதியாகவோ மடங்காகவோ இருந்தால், வரைந்தவர் அடிக்கோல் வைத்து அளந்தார் என்று சொல்லலாம். கணக்கில்லாத எண் வந்தால் நூல் மடித்திருக்கக்கூடும்.

பின்னலில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு இழை சிவப்பு, மற்றது நீலம் என்றால், ஒவ்வொரு குறுக்கிலும் அவை இடம் மாறிக்கொள்ளும். உள்பக்கம் இருந்தது வெளியே போகும், வெளியே இருந்தது உள்ளே வரும். தரையைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும்போது சிவப்பு சிவப்போடு சேர வேண்டுமானால், மொத்தக் குறுக்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே எண்ணிக்கை வைத்துத் திட்டமிட்டால் மொத்தம் தானாகவே இரட்டைப்படை ஆகிவிடும், யோசிக்கவே வேண்டாம். கண்ணளவில் போட்டு, மூன்று பக்கம் 24ஆகவும் ஒரு பக்கம் 23ஆகவும் போய்விட்டால் மொத்தம் 95. சிவப்பு வந்து நீலத்தின்மேல் முட்டும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், எங்காவது ஒரு மூலையில் நிறத்தை மாற்றி ஒட்டுப்போடுவது. ஒரு தரையில் நசுங்கிய கண்ணோ, நிறம் மாறிய ஒட்டோ தெரிந்தால் வேலை அந்த மூலையில்தான் முடிந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தொடக்கத்தில் யாரும் நசுக்க மாட்டார்கள்.

கோலத்தை யார் தீர்மானித்தார்கள்? எகிப்தின் பிலடெல்பியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனோன் என்ற அதிகாரியின் ஆவணங்களில், ஒரு குளியலறைத் தரைக்கு மொசைக் இடுவதற்கான விவரக்குறிப்பு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. எந்தப் பகுதியில் என்ன கரை, எவ்வளவு அகலம் என்று அது சொல்கிறது; பின்பற்ற வேண்டிய மாதிரி ஒன்றையும் குறிப்பிடுகிறது. ஆக, வீட்டுக்காரர், மாதிரி, வேலைக்காரர் என்று மூன்று பேர் சேர்ந்துதான் தரையைத் தீர்மானித்தார்கள். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணையிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. தரை மொசைக் இடுபவருக்கு உணவோடு நாளொன்றுக்கு அதிகபட்சம் 50 தினாரியஸ். சுவர், வளைவுக் கூரைகளில் மொசைக் செய்பவருக்கு 60. உருவப்படம் வரைபவருக்கு 150. முழங்கால் தேய உட்கார்ந்தவருக்கு ஓவியருடைய கூலியில் மூன்றில் ஒரு பங்குதான்.

சில்லு எப்படி வந்தது? கல்லைப் பலகையாக அறுத்து, பலகையைக் குச்சியாக உடைத்து, குச்சியைத் துண்டு துண்டாகத் தட்டி எடுப்பார்கள். ஒரு மரக்கட்டையில் உளி முனை மேலே பார்க்கும்படி நட்டுவைத்து, அதன்மேல் கல்லைப் பிடித்து, வளைந்த சுத்தியலால் தட்டுவது இன்றும் கைவினைஞர்கள் செய்யும் முறை. ஓஸ்டியாவில் கிடைத்த ஒரு ரோமானியப் புடைப்புச் சிற்பத்தில் இருவர் உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதும், பின்னால் ஆட்கள் சுமை தூக்கிப்போவதும் காணப்படுகின்றன. அது சில்லு உடைக்கும் வேலை என்றே பலர் படிக்கிறார்கள். நிறம் பெரும்பாலும் அருகில் கிடைத்த கல்லிலிருந்து வந்தது. வெள்ளைக்குச் சுண்ணாம்புக்கல், கருப்புக்கு எரிமலைக் கல்லோ பலகைக் கல்லோ. பிரிட்டனில் சிவப்பு என்றால் உடைந்த ஓடுதான். நல்ல நீலத்துக்கும் பச்சைக்கும் கல் அரிது, கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடி மண்ணில் கிடந்தால் மேலிருந்து அடுக்கடுக்காக உதிரும். அதனால்தான் பல தரைகளில் மற்ற நிறமெல்லாம் இருக்க, நீலம் இருந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கிறது.

வைக்கும்போது உருவங்களின் வெளிக்கோடு முதலில் வரும், பிறகு உள்நிரப்பல், கடைசியில் பின்னணி. பின்னணி வெள்ளை என்பதால் அது வெறும் நிரப்பல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மீனின் வளைந்த முதுகை நோக்கி நேர்வரிசையாக வெள்ளைச் சில்லுகள் வந்து முட்டினால், ஒவ்வொரு வரிசையின் முனையும் சாய்வாக வெட்டுப்பட வேண்டும். மீனின் விளிம்பு ரம்பப்பல் போலத் தெரியும். அதைத் தவிர்க்க, மீனைச் சுற்றி முதலில் இரண்டு மூன்று வரிசை வெள்ளையை மீனின் வடிவத்தோடே ஒட்டி ஓடவிடுவார்கள். சாய்வு வெட்டெல்லாம் அந்த வெள்ளை வரிசைக்கும் நேர்வரிசைக்கும் இடையே போய்விடும். வெள்ளைக்குள் வெள்ளை, யாருக்கும் தெரியாது. அறையின் கோணலை மொட்டை ஓரத்தில் ஒளித்த அதே தந்திரம் இங்கே மீனளவில் நடக்கிறது. எது முதலில் வைக்கப்பட்டது என்று பார்ப்பதற்கும் இதுவே வழி: முழுச் சில்லு முன்னால் வந்தது, வெட்டுப்பட்ட சில்லு பின்னால் வந்தது.

மிக நுட்பமான படங்கள் மட்டும் அறையில் செய்யப்படவில்லை. நான்கு மி.மீ.க்கும் சிறிய சில்லுகளால் ஆன மையப்படத்தைப் பட்டறையில் சுட்டமண் அல்லது கல் தட்டில் செய்து, கொண்டுவந்து தரையில் விட்ட பள்ளத்தில் இறக்குவார்கள். ஹாட்ரியன் பேரரசரின் மாளிகையில் 1737இல் கிடைத்த புறாக்கள் படம் இந்த வகைக்குப் பேர்போனது. இவற்றில் சில்லுகளுக்கு இடையே தெரியும் சாந்துக்குக்கூட நிறம் ஏற்றினார்கள். வெள்ளைச் சாந்துக் கோடு கருமையான உருவத்தை வலைபோலப் பிளந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சில்லை ஈரப் படுகையில் பாதிக்கு மேல் அழுத்த வேண்டும். அப்போது சாந்து பக்கங்களில் ஏறி இடுக்கை நிரப்பும். மேலே பலகை வைத்துத் தட்டி மட்டம் பார்ப்பார்கள். இறுகிய பிறகு மணலும் தண்ணீரும் விட்டு மணற்கல்லால் தேய்ப்பு. எந்தச் சில்லின் விளிம்பும் தூக்கி நிற்கக்கூடாது என்கிறார் விட்ருவியஸ். அதன்பின் பளிங்குத் தூளைத் தூவி, அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு ஒன்றையும் ஏற்றச் சொல்கிறார். தேய்க்கும்போது ஒரு சங்கடம் வரும். ஓட்டுச் சில்லும் மென்மையான வெள்ளைக்கல்லும் சீக்கிரம் தேயும், கருங்கல் தேயாது. அதிகம் தேய்த்தால் சிவப்பெல்லாம் பள்ளம், கருப்பெல்லாம் மேடு.

தரை கெட்டது எங்கே தொடங்கியது என்பதைக் கண்ணும் காதும் சொல்லிவிடும். விரல் முட்டியாலோ மரச் சுத்தியாலோ மெதுவாகத் தட்டும்போது வெற்றொலி வந்தால், மெல்லிய படுகை கீழடுக்கோடு ஒட்டாமல் பிரிந்திருக்கிறது. நனைக்காமல் பூசியதோ, நாள் கடந்த ஈரமோ காரணம். சில்லுகள் ஒவ்வொன்றாக, பல்விழுந்ததுபோல உதிர்ந்தால் படுகையில் தோல் கட்டியபின் வைத்திருக்கிறார்கள். தரை உடையாமல் அலைபோலத் தாழ்ந்திருந்தால் குற்றம் எல்லா அடுக்குக்கும் கீழே இருக்கிறது. பழைய குழியையோ வாய்க்காலையோ மண் போட்டு நிரப்பி, சரியாகத் திமிசு போடாத இடம் அது. சுண்ணாம்புச் சாந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால்தான் அலையாகிறது, இல்லாவிட்டால் பிளந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுக்கப்பட்ட பல தரைகள் அந்த வளைந்துகொடுத்தலை இழந்தன. தரையின் முகத்தில் துணியைப் பசையிட்டு ஒட்டி, துண்டு துண்டாகத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த பழைய சாந்தைக் கொத்தி எறிந்துவிட்டு, இரும்புக் கம்பி வைத்த சிமெண்ட் கான்கிரீட்டில் பதித்தார்கள். சில பத்தாண்டுகளில் கம்பி துருப்பிடித்துப் பருத்தது, கான்கிரீட் வெடித்தது, அதோடு சில்லுகளும் பிளந்தன. சிமெண்டிலிருந்து வந்த உப்பு கல்லின் முகத்தில் பூத்தது. அந்தத் தரைகளை இப்போது மறுபடி கழற்றி, இலேசான தாங்கிகளில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கொத்தி எறிந்த சாந்து திரும்பாது. லோட் தரையின் அடியில் கோடும் கால்தடமும் கிடைத்ததற்குக் காரணம், பெயர்த்தவர்கள் கீழேயும் குனிந்து பார்த்தார்கள் என்பதுதான். அருங்காட்சியகச் சுவர்களில் மாட்டியிருக்கும் பல மொசைக்குகளுக்கு வரைவு இருந்த அடுக்கு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. அவை எப்படித் திட்டமிடப்பட்டன என்று அறிய இனி நசுங்கிய கண்களையும் வெட்டுப்பட்ட சில்லுகளையும் எண்ணத்தான் வேண்டும்.